மார்கழி முதல் நாளே தபாலில்: எல்லையில் இருக்கும் தம்பிக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும் முறை

வீட்டிலிருந்து ஒருவர் ராணுவத்துக்குப் போய், அவர் இல்லாமல் வருகிற முதல் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புபவர்களுக்காக இது. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னையில் எங்கிருந்து அனுப்பினாலும் வழி ஒன்றுதான். வீட்டுப் பிள்ளைக்கு அட்டை அனுப்புவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முகவரியில் ஒரு எழுத்து விட்டுப்போனாலோ, உறை 2 கிராம் கூடினாலோ, ஒரு வாரம் தாமதித்துப் போட்டாலோ அந்த அட்டை மாசி மாதத்தில்தான் அவர் கைக்குப் போகும்.

முதலில் நாள் கணக்கு. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். நடுவில் ஏறத்தாழ முப்பது நாள் கிடைக்கிறது. அது முழுவதும் வேண்டும். அதனால் மார்கழி முதல் கோலம் போடுகிற அன்றே உறை தபால்பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியை மறந்தாலும் மார்கழியை வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள்.

இத்தனை நாள் எதற்கு என்றால், கடிதம் இரண்டு அஞ்சல் துறைகளைக் கடக்கிறது. சென்னையிலிருந்து அது பொது அஞ்சலில் டெல்லி வரை போகும். அங்கே ராணுவத்தின் மத்திய அடிப்படை அஞ்சலகம் அதை வாங்கிக்கொள்ளும். கிழக்குப் பகுதிக்கான தபாலுக்கு இதே வேலையைக் கொல்கத்தாவில் உள்ள அஞ்சலகம் செய்கிறது. அங்கிருந்து களத்தில் உள்ள அஞ்சலகத்துக்கும், அங்கிருந்து யூனிட்டுக்கும், யூனிட்டிலிருந்து அவர் இருக்கும் காவல் சாவடிக்கும் போக வேண்டும். இந்தக் கடைசித் துண்டுதான் நேரம் தின்னும். டிசம்பர், ஜனவரியில் மலைப்பாதைகள் பனியில் மூடிவிட்டால், மேலே போகிற வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் ரேஷனுக்கும் மருந்துக்கும்தான் முதல் இடம். தபால் மூட்டை அடுத்த நடைக்குக் காத்திருக்கும். போதாததற்கு கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தபால்களும் அதே நாட்களில்தான் குவிகின்றன.

இப்போது முகவரி. தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. ராணுவ முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது. முதல் வரியில் அவருடைய சர்வீஸ் நம்பர், பிறகு பதவி, பிறகு பெயர். இரண்டாவது வரியில் கம்பெனியும் யூனிட்டும். மூன்றாவது வரியில் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது 'கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ.'. ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ், அதாவது ராணுவ அஞ்சலகம். நான்காவது வரியில் 9-இல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு. முழுவதையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். டெல்லியில் பிரிப்பவர் தமிழ் வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் கடிதம் தமிழிலேயே இருக்கட்டும்.

சர்வீஸ் நம்பரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வரும். அதை ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஒரே யூனிட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். அப்படி இருக்கும்போது உறையை உரியவரிடம் சேர்ப்பது அந்த நம்பர்தான். அதனால் அவரையே முகவரியை ஒரு முறை தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். போனில் சொல்லிக் கேட்டு எழுதினால் 'பி'யும் 'டி'யும் மாறிப்போகும்.

56 என்றும் 99 என்றும் இருப்பது ஊரின் எண் இல்லை. எந்த அடிப்படை அஞ்சலகம் வழியாகத் தபால் போக வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. அதற்குப் பிறகு எந்தக் கள அஞ்சலகம் என்று காட்டுவது பின்கோடு. இந்த ஏற்பாட்டில் யூனிட் எங்கே இருக்கிறது என்பது உறையில் தெரியாது. அப்படித் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. ஆகவே 'சீக்கிரம் போகட்டும்' என்று நல்லெண்ணத்தில் 56 ஏ.பி.ஓ.வுக்குக் கீழே 'ஸ்ரீநகர்' என்றோ 'லே' என்றோ சேர்த்து எழுதிவிடாதீர்கள். பிரிக்கிறவர் ஊர்ப் பெயரைப் பார்த்து அந்த ஊரின் பொது அஞ்சலுக்கு அனுப்பிவிட்டால், ராணுவ வழியிலிருந்து விலகிய உறை சுற்றிச் சுற்றி வரும். யூனிட் இருக்கும் இடம் வெளியே தெரிவது அதைவிடப் பெரிய தவறு.

யூனிட் இடம் மாறினால் பின்கோடும் மாறும். பழைய பின்கோட்டில் போட்டாலும் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டுச் சேர்ப்பார்கள், நாள்தான் கூடும். போன வருடம் ரக்‌ஷா பந்தனுக்கு யாராவது அனுப்பிய உறையைப் பார்த்து எழுதாமல், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் கடற்படையில் இருந்தால் கப்பலின் பெயரும் 'கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ்' என்பதும், அந்த அலுவலகம் இருக்கும் துறைமுக நகரமும் வரும். எல்லைக் காவல் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்றவற்றில் சில பிரிவுகளுக்கு ஏ.பி.ஓ. முகவரி, சிலவற்றுக்குச் சாதாரண முகவரி. அவர் சொன்னபடியே எழுதுவதுதான் சரி.

தனியார் கூரியர் ஏ.பி.ஓ. முகவரிக்குப் போகாது. கடையில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பித் தருகிற இடங்களும் உண்டு. அஞ்சலகம் ஒன்றுதான் வழி. இதற்கென்றே தனிப் படைப்பிரிவாக ராணுவ அஞ்சல் பிரிவு 1972 மார்ச் 1 முதல் இயங்குகிறது.

இனி உறைக்குள் என்ன வைப்பது. பொங்கல் வாழ்த்து அட்டை விற்கிற கடைகள் குறைந்துவிட்டன. ஜார்ஜ் டவுனில் ஆண்டர்சன் தெருப் பக்கம், கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். அதை வாங்கி வீட்டுக் குழந்தையை வைத்துப் பானையும் கரும்பும் வரையச் சொன்னால் கடை அட்டையைவிட நன்றாகவே இருக்கும். பாட்டுப் பாடும் அட்டை வேண்டாம்: உள்ளே பட்டன் பேட்டரி இருக்கிறது. ஜிகினா ஒட்டிய அட்டையும் வேண்டாம். ஈரம் பட்டால் ஜிகினா உதிர்ந்து எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

இன்லேண்டு லெட்டர் மலிவு, ஆனால் அதற்குள் எதையும் வைக்கக்கூடாது என்பது விதி. போட்டோவோ குழந்தையின் படமோ வைப்பதானால் உறைதான் வேண்டும். உறையில் கவனிக்க வேண்டியது எடை. சாதாரணக் கடிதத்துக்கு ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய். ஏ4 அளவுக் கெட்டி அட்டையை இரண்டாக மடித்தால் சுமார் 16 கிராம் இருக்கும். ஒரு தாள் கடிதம் 5 கிராம், குழந்தையின் படம் ஒரு தாள் 5 கிராம், ஒரு போட்டோ 4 கிராம், உறை 5 கிராம். கூட்டினால் 35. அதாவது 5 ரூபாய்த் தலை ஒன்று போதாது, இரண்டு ஒட்ட வேண்டும். ஒன்றோடு விட்டால், குறைந்த தொகையைப் போல இரு மடங்கை வாங்குகிறவரிடம் கேட்பார்கள். பொங்கல் வாழ்த்துக்குத் தம்பியிடம் தண்டம் வசூலிக்க வேண்டுமா? தெருமுனைப் பெட்டியில் போடாமல், அஞ்சலகக் கவுன்டரில் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் கண்காணிப்பு எண் கிடைக்கும். தபால் ராணுவக் கைக்குள் போன பிறகு அந்த எண்ணில் புதிய தகவல் வராமல் நிற்கலாம், அதைப் பார்த்துத் தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

உறைக்குள் வைக்கக்கூடாதவை சில. ரூபாய் நோட்டும் நாணயமும் வேண்டாம். மொய்போல 101 ரூபாய் வைக்க ஆசை வரும், சாதாரண உறையில் பணம் வைப்பது விதிக்கு மாறானது. அதை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, கடிதத்தில் 'பொங்கப்படி போட்டிருக்கேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். திருநீறோ கோலமாவோ பொட்டலமாகக் கட்டி வைக்காதீர்கள். உறை கிழிந்து வெள்ளைத் தூள் சிந்தினால், ராணுவ அஞ்சலில் அதைத் திருநீறு என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். பச்சை மஞ்சள் கொத்து அழுகும். உலர்ந்த விரலி மஞ்சள் ஒன்றை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, நகராதபடி டேப் ஒட்டலாம், ஆனால் உறை மேடாகிவிட்டால் முத்திரை குத்தும்போது கிழியும். ஒரு மஞ்சள் இலையை நாலு நாள் புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்தி வைத்தால் தட்டையாகவும் இருக்கும், வாசனையும் கொஞ்சம் தங்கும். ஸ்டேப்ளர் பின் எங்குமே அடிக்காதீர்கள். முகவரியைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா ஒரு துளி ஈரத்தில் கரைந்துவிடும். அட்டையையும் கடிதத்தையும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதற்கு மேல் காகித உறை போடுவது பனிக்காலத்துக்குப் பாதுகாப்பு.

முறுக்கு, அதிரசம் அனுப்பலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் வாழ்த்து உறையோடு சேர்க்காமல் தனிப் பார்சலாக. முறுக்கு தூளாகும், அதிரசத்தின் எண்ணெய் அட்டைப்பெட்டியை ஊறவைக்கும். தட்டையும் பொரிவிளங்காய் உருண்டையும்தான் நாலு வாரப் பயணத்தைத் தாங்கும்.

இப்போது எழுத வேண்டியது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: பொங்கலுக்கான கடிதத்தை நீங்கள் மார்கழிக்கு முன்பே எழுதுகிறீர்கள். அவர் எப்போது பிரிப்பார் என்பதும் தெரியாது. 'இன்று பொங்கல் வைத்தோம்' என்று எழுதினால் பொய். 'நாளைக்குப் பொங்கல்' என்று எழுதினால், அது தை இருபதாம் தேதி போய்ச் சேரும்போது பழசாகிவிடும். அதனால் நடந்துகொண்டிருப்பதை எழுதுங்கள்: வீட்டைச் சுத்தம் செய்வது, பானை தேய்ப்பது, தெருவில் என்ன மாறியது என்பது. அது எந்தத் தேதியில் படித்தாலும் புதிதாகவே இருக்கும்.

இந்தக் கடிதம் காவல் முடிந்து வந்து, தனியாக உட்கார்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படிக்கப்படும். 'நீ இல்லாம எங்களுக்குப் பொங்கலே இல்லை' என்று எழுதினால் அதைத் தாங்குவது அவருக்குத்தான் கஷ்டம். அவரால் ஒன்றும் செய்ய முடியாத செய்திகளும் இதில் வேண்டாம்: கடன், சண்டை, ஆஸ்பத்திரி. அவசரமானால் போனில் சொல்லுங்கள். 'எப்ப லீவு?', 'எங்க இருக்க?' என்ற கேள்விகளையும் விட்டுவிடுங்கள். முதல் கேள்விக்கு அவரிடமே பதில் இருக்காது. இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லக்கூடாது. கேட்பதானால் அவர் சந்தோஷமாகப் பதில் எழுதக்கூடியதைக் கேளுங்கள்.

அக்கா ஒருவர் தம்பிக்கு எழுதுவதாக ஒரு கடிதத்தைப் பார்ப்போம். பேசுகிற மாதிரியே எழுதுங்கள். மேடைத் தமிழில் எழுதினால் யார் குரலும் அதில் கேட்காது.

'தம்பிக்கு அக்கா எழுதறது. பொங்கல் வாழ்த்துக்கள் டா. இது வந்து சேர்றதுக்குள்ள பொங்கல் போயிருந்தாலும் பரவால்ல, தை மாசம் பூரா பொங்கல்தான்.

வீட்டுக்கு வெள்ள அடிச்சாச்சு. உன் கட்டில் இருந்த செவுத்துக்கு மட்டும் நைனா இளம்பச்ச அடிச்சிருக்காரு, நீ போன தபா கேட்டியே, அதே பச்ச. ஆயா இப்பவே நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்குது. முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கினே தெளிக்குது. கோலம் நான் போடறேன். நேத்து தாமர போட்டு முடிச்சு நிமிர்றேன், தண்ணி லாரி வந்து நேரா அது மேலயே நின்னுச்சு. டிரைவர் எறங்கி வந்து பாத்துட்டு, அம்மா நாளிக்கு அந்தாண்ட நிறுத்தறேன்னு சொல்லிட்டுப் போனாரு.

வெண்கலப் பானைய எறக்கிப் புளி போட்டுத் தேச்சாச்சு. இந்த தபா மொட்ட மாடில அடுப்பு. பொங்கும்போது எல்லார் பேரையும் சொல்லிக் கத்தச் சொல்லி ஆயா உத்தரவு, உன் பேரு மொதல்ல. பாப்பா உனக்கு மாடு வரஞ்சிருக்கா. ஒரு கொம்பு பச்ச, ஒரு கொம்பு செவப்பு. ஏன்னு கேட்டா மாமாக்கு அப்டித்தான் புடிக்கும்ன்றா.

அங்க மெஸ்ஸுல பொங்கல் போட்டா வெண்பொங்கலா சக்கரப் பொங்கலா, எழுது.'

இதற்குக் கீழே வீட்டில் உள்ள எல்லாரும் அவரவர் கையால் ஒரு வரி எழுதட்டும். எழுதத் தெரியாத ஆயா, மஞ்சளில் விரலைத் தோய்த்து ஒரு பொட்டு வைக்கட்டும், காய்ந்த பிறகு மடியுங்கள். கடிதத்தில் அவருடைய யூனிட் பெயர், ஊர், அவர் போனில் சொன்ன சாலை, பாலம் எதுவும் வர வேண்டாம். அனுப்புநர் முகவரியைப் பின்கோடோடு உறையின் பின்பக்கம் எழுதுங்கள். சேராவிட்டால் திரும்பி வரவாவது வழி வேண்டும்.

பொங்கல் அன்று காலைக்குத் தனியாக ஒன்று தேவை. அது குரல் பதிவு. வீடியோவைவிட அதுதான் நல்லது என்பதற்குக் காரணம் அளவு. ஒரு நிமிடக் குரல் பதிவு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும், அதே ஒரு நிமிட வீடியோ பல மெகாபைட் இழுக்கும். மலை மேலே ஒற்றைக் கோட்டு சிக்னலில் குரல் இறங்கிவிடும். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். பால் பொங்குவதற்குச் சற்று முன்பு போனை அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்துப் பதிவை ஆரம்பியுங்கள். ஆவி மைக்கில் பட்டால் சத்தம் மங்கும். பொங்கலோ பொங்கல் என்று கூவி, அவர் பெயரைச் சொல்லி, முப்பது நொடியில் நிறுத்துங்கள். கீழே குழந்தைகள் அடிக்கிற மேளச் சத்தம் உள்ளே வந்தால் வரட்டும். அவர் கேட்க விரும்புவதில் அதுவும் சேர்த்தி.

அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் நிற்கலாம். அவருடைய போன் இணைப்பில் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள் வரை வைத்திருந்து, போன் இணைந்ததும் கொடுத்துவிடும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. அந்தச் சாட்டில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு ஓடுகிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்து அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயாவின் குரல் சில நாளில் அழிந்துபோகும்.

அழைத்தால் போனே போகவில்லை என்றால் பயப்படுவதற்கு முன் சிம்மை நினைத்துப் பாருங்கள். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், அல்லது அங்கே வாங்கிய சிம் வேண்டும். புதிதாக அங்கே மாற்றலாகிப் போனவரின் சென்னை நம்பர் சட்டென்று செத்துப்போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். போவதற்கு முன்பே நம்பரைப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றாமல் போயிருந்தால், அவர் வேறு எண்ணிலிருந்து கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பொங்கல் அன்று தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்பை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

வாழ்த்தை ஸ்டேட்டஸில் போடும் ஆசையும் வரும். சீருடையில் உள்ள போட்டோ, தோள்பட்டையில் யூனிட் சின்னம், பின்னால் மலை என்று எல்லாம் சேர்ந்து எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வேண்டாம். சட்டை லுங்கியில் மொட்டை மாடியில் எடுத்த பழைய படம் ஒன்றைப் போடுங்கள்.

உறை திரும்பி வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடாமல் உற்றுப் பாருங்கள். அவர் அந்த யூனிட்டில் இல்லை என்று குறிப்பு இருந்தால் பயிற்சிக்கோ வேறு யூனிட்டுக்கோ போயிருப்பார், புதிய முகவரி வாங்க வேண்டும். டெல்லி முத்திரையோ கொல்கத்தா முத்திரையோ இல்லாமல் வந்திருந்தால் சென்னைப் பக்கத்திலேயே பின்கோடு தவறாகப் படிக்கப்பட்டிருக்கும், 9 பெரும்பாலும் 7 மாதிரி எழுதப்பட்டிருக்கும். பழைய உறையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பெரிய உறைக்குள் வைத்து, முகவரியைத் திருத்தி, எடையை மறுபடி பார்த்து அனுப்புங்கள். பாப்பா வரைந்த மாடு இரண்டு தடவை டெல்லி போய் வந்த முத்திரையோடு அவர் கைக்குப் போகும்.